அண்ணாச்சிக்கு, அறிக்கையின் இரண்டாம் பதிப்பு பற்றி

அண்ணாச்சி,

நீங்கள் ஓய்வு பெற்று இன்றோடு ஓராண்டு. குளங்களைப் பற்றிய நம் அறிக்கையை மறுபடி அச்சிடுகிறார்கள். திருத்தும் வேலை எனக்கு வந்திருக்கிறது. எந்தக் குளம், எந்த அலுவலகம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு குளம், அவ்வளவு போதும்.

பதினேழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்:

"மடைப் பழுது சீரமைப்புப் பணிகள் மேற்கொள்ளப்படுவதில் ஏற்பட்ட காலதாமதத்தின் காரணமாக நீர்க்கசிவு அதிகரிப்பும், அதன் தொடர்ச்சியாகக் கடைமடைப் பகுதி வயல்களுக்கான நீர் வழங்கலில் தடையும் ஏற்பட்டுள்ளமை கள ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது."

இருபத்திரண்டு சொல். பாளையங்கோட்டை மாடியறையில் மின்சாரம் போன அந்த மாலையில் இதை நீங்கள் உரக்கப் படித்தீர்கள். கடைமடையில் வயல் வைத்திருந்த பெரியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். முடிவு வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மடையைக் கட்டாமல் விட்டது யார், ஐயா?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டி, "ஏற்பட்ட, மேற்கொள்ள, இந்த இரண்டையும் வட்டம் போடு. அதற்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பார்" என்றீர்கள்.

பார்த்தேன். சீரமைப்பு, அதிகரிப்பு, வழங்கல், தடை. செய்ய வேண்டிய வேலையெல்லாம் பெயர்ச்சொல்லாகச் சுருண்டுகிடந்தது. அதைத் தூக்கிச் சுமக்கத்தான் 'ஏற்படு'வும் 'மேற்கொள்'ளும் வந்திருக்கின்றன. சீரமைப்பைச் 'சீரமைத்தார்கள்' என்று ஆக்கினால் சுமைகூலிகள் தாமாகவே போய்விடுவார்கள். அன்று நாம் எழுதியது இது:

"உடைந்த மடையை உரிய காலத்தில் சீரமைக்கவில்லை. அதனால் தண்ணீர் மேலும் கசிந்தது. கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. நேரில் பார்த்தோம்."

பதினைந்து சொல். 'அதனால்' என்ற சொல்லை நீங்கள்தான் சேர்க்கச் சொன்னீர்கள். வாக்கியத்தை வெட்டும்போது 'காரணமாக' உதிர்ந்துவிடும், பிறகு அடுத்தடுத்து நடந்தவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலாகிவிடும் என்றீர்கள். என்னைத் திருத்தியவர்களில் அந்த அளவு பொறுமையாகத் திருத்தியவர் வேறு யாருமில்லை.

ஆனால் அன்று நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. 'சீரமைக்கவில்லை' என்பது வினைதான், ஆனால் ஆளைக் காட்டாத வினை. 'சீரமைத்தோம்' என்றால் நாங்கள், 'சீரமைத்தார்கள்' என்றால் அவர்கள் என்று விகுதியே சொல்லிவிடும். 'இல்லை'க்கு நானும் நீங்களும் அவர்களும் ஒன்று. 'மடை உடைந்தது' என்பதும் அப்படித்தான். உடைத்தவரும் பராமரிக்காதவரும் அதில் ஒருசேர ஒளிந்துகொள்ளலாம். பெயரை வினையாக்கிவிட்டோம் என்ற திருப்தியில் எழுவாயைத் தேடாமல் போய்விடுகிறோம். பெரியவரின் கேள்விக்கு அந்தப் பதினைந்து சொல்லிலும் பதில் இல்லை.

நான் அதைத் தேடி எழுதினேன். மனு கொடுத்த தேதியும், மனுவைப் பெற்றுக்கொண்ட பிரிவின் பெயரும் கோப்பில் இருந்தன. "பிசான நடவுக்கு முன்பே விவசாயிகள் மனு கொடுத்தார்கள். அந்தப் பிரிவு அறுவடை முடியும் வரை மடையைச் சீரமைக்கவில்லை" என்று முடித்தேன். அச்சுப்படி திரும்பி வந்தபோது பழைய இருபத்திரண்டு சொல்லும் அப்படியே திரும்ப உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் "இப்படியே இருக்கட்டும்."

ஏன் என்று எனக்குத் தெரியாமலில்லை. உங்களுக்கு ஓய்வூதியக் கோப்பு நிலுவையில் இருந்தது. அதை இங்கே எழுதியதற்கு மன்னியுங்கள். எழுதாமல் விட்டால் நீங்கள் எழுத்து தெரியாமல் செய்ததாக ஆகிவிடும், அது அதைவிடப் பெரிய அநியாயம். அந்தத் தேதியும் அந்தப் பெயரும் கோப்பிலிருந்து வந்தவை, நான் கற்பனை செய்தவை அல்ல.

எல்லாப் பெயர்ச்சொல்லையும் நான் வினையாக்கவில்லை, பயப்பட வேண்டாம். ஆயக்கட்டு ஆயக்கட்டாகவே இருக்கிறது. மதகு நீர் ஒதுக்கீடு அட்டவணையில் 'ஒதுக்கீடு' அப்படியே நிற்கிறது, அது ஒரு அளவின் பெயர். முந்தைய வாக்கியத்தில் 'கசிந்தது' என்று சொல்லிவிட்ட பிறகு அடுத்ததில் 'இந்தக் கசிவு' என்று பிடித்துக்கொண்டு நகர்வதும் நல்லதுதான். சந்தேகம் வந்தால் ஒரே சோதனை: அந்தப் பெயருக்குப் பின்னால் 'ஏற்பட்டது' நிற்கிறதா என்று பார்க்கிறேன். நின்றால் 'யார்?' என்று கேட்கிறேன். பதில் இருந்தால் எழுவாயாக வைக்கிறேன். உண்மையிலேயே யாரும் இல்லையென்றால், மழை பெய்ததுபோல, 'கசிந்தது' என்றே விட்டுவிடுகிறேன்.

பதினேழாம் பக்கத்தில் அந்தப் பிரிவின் பெயரை இம்முறை எழுவாயாக வைத்துவிட்டேன். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை போகிறது. பதிப்பாசிரியர் பட்டியலில் உங்கள் பெயர் இப்போதும் முதலில் இருக்கிறது. வேண்டாமென்றால் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், எடுத்துவிடுகிறேன்.