பிரிப்பானை ஊகிக்கும் முன் தலைப்பு வரியையும் படியுங்கள்

எங்கள் கணக்கு மென்பொருளின் கோப்பு இறக்குமதிப் பகுதியை எழுதிப் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ஜெர்மனியில் உள்ள ஒரு துணிக்கடையின் கணக்குகளைக் கோயம்புத்தூரிலிருந்து எழுதிவருகிறோம். சென்ற மாத விற்பனைக் கோப்பை உங்கள் மென்பொருளில் ஏற்றியபோது நேர்ந்ததை ஏற்கெனவே தெரிவித்திருந்தேன். "சிஎஸ்வி என்றால் காற்புள்ளிதான் பிரிப்பானாக இருக்க வேண்டும், உங்கள் கோப்பு தவறானது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

ஜெர்மானியர்கள் பதின்மப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுகிறார்கள். ஆகவே அங்குள்ள கணினிகளில், வட்டார அமைப்பைப் பின்பற்றி, எக்செல் தன் சிஎஸ்வி கோப்புகளை அரைப்புள்ளியால் பிரித்துச் சேமிக்கிறது. சிஎஸ்வி வடிவத்தை விவரித்து 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணம் காற்புள்ளியைத்தான் சொல்கிறது என்பது எனக்கும் தெரியும். அந்தக் கடைக்காரரின் கணினிக்குத் தெரியாது. பொருளின் பெயரோடு நிறத்தையும் அளவையும் காற்புள்ளியிட்டு எழுதுவது வேறு அவருடைய வழக்கம். கோப்பின் முதல் நான்கு வரிகள் இவை:

```
Nr;Ware;Netto;MwSt;Brutto
101;Hemd, blau, 40;10,00;1,90;11,90
102;Schal, rot, M;20,00;3,80;23,80
103;Hose, grau, 52;30,00;5,70;35,70
```

உங்கள் மென்பொருள் தலைப்பு வரியை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, அடுத்துள்ள வரிகளை மட்டும் மாதிரியாக எடுத்துக்கொள்கிறது. அவற்றில் வரிக்கு ஐந்து காற்புள்ளிகள், நான்கு அரைப்புள்ளிகள். இரண்டுமே எல்லா வரிகளிலும் மாறாமல் வருவதால், எண்ணிக்கை சீராக இருக்கிறதா என்ற சோதனையில் இரண்டுமே தேறிவிடுகின்றன. எனவே எண்ணிக்கையில் கூடிய காற்புள்ளி வென்றுவிடுகிறது. ஒதுக்கிய அந்தத் தலைப்பு வரியில் காற்புள்ளி ஒன்றுகூட இல்லை, அரைப்புள்ளி நான்கு இருக்கின்றன. வழக்கைத் தீர்க்கக்கூடிய ஒரே சாட்சியை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

விளைவைப் பாருங்கள். முதல் பொருளின் வரி ஆறு துண்டுகளாகிறது: `101;Hemd`, `blau`, `40;10`, `00;1`, `90;11`, `90`. இவற்றுள் முழுக்க எண்ணாக இருப்பது கடைசித் துண்டு மட்டுமே என்பதால், அதையே விற்பனைத் தொகை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. 11,90 யூரோ 90 யூரோவாகவும், 23,80 யூரோ 80 யூரோவாகவும், 35,70 யூரோ 70 யூரோவாகவும் ஆயின. மூன்று வரிகளின் உண்மையான கூட்டுத்தொகை 71,40. பேரேட்டில் ஏறியது 240. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. மாதம் முழுவதற்குமான பதிவுகளை ஒவ்வொன்றாக நீக்க எனக்கு இரண்டு நாள்கள் பிடித்தன.

நான் கேட்பது இதுதான்: ஊகித்த பிரிப்பானை, அதன்படி பிரிந்த முதல் சில வரிகளோடு, ஏற்றுவதற்கு முன் திரையில் காட்டுங்கள், அதை மாற்றவும் இடம் கொடுங்கள்.

ஊகத்தையும் சற்றுக் கவனமாகச் செய்யலாம். தலைப்பு வரியையும் மாதிரியில் சேருங்கள். இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் குறிகளை எண்ணாதீர்கள். மேற்கோளுக்குள் வரி முறிவும் வரக்கூடும் என்பதால், கோப்பின் நடுவிலிருந்து மாதிரி எடுப்பது ஆபத்தானது. இத்தனை பைட்டுகள் என்று அளந்து எடுத்தால், பாதியில் அறுபட்ட கடைசி வரியை விட்டுவிடுங்கள். அதன் பிறகும் இரண்டு குறிகள் போட்டியிட்டால், இரண்டின்படியும் பிரித்துப் பார்த்து, எதில் நெடுவரிசைகள் ஒழுங்கான எண்களாகவும் சொற்களாகவும் அமைகின்றன என்று ஒப்பிடுங்கள். `90;11` போன்ற துண்டு ஒன்றே போதும், பிரித்தது பிழை என்று காட்ட. டேப் பெயருக்குள்ளோ தொகைக்குள்ளோ அரிதாகவே வரும்; அது எல்லா வரிகளிலும் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் அதை நம்பலாம்.

ஒற்றை நெடுவரிசைக் கோப்பில் பிரிப்பானே இருக்காது. அங்கே எந்த ஊகமும் பொய்தான். பைத்தானில் பிரிப்பானை ஊகிக்கும் `csv.Sniffer` தன்னால் முடிவு செய்ய இயலாதபோது `Could not determine delimiter` என்று ஒப்புக்கொண்டு நின்றுவிடுகிறது. அந்த அடக்கம் உங்கள் மென்பொருளுக்கும் வாய்த்தால் நல்லது.

சென்ற பதிப்பில் பொத்தான்களின் நிறத்தை மாற்றியிருந்தீர்கள். அழகாகத்தான் இருக்கின்றன, அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தித்தான் 71,40 யூரோவை 240 ஆக்கினேன். நிறத்துக்குக் கிடைத்த நேரத்தில் ஒரு பங்கு இறக்குமதித் திரைக்கும் கிடைத்திருக்கலாம் என்று தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கோப்பும் அரைப்புள்ளியோடுதான் வரும். அதற்குள் ஊகித்ததைக் காட்டும் திரை ஒன்றை, தெளிவில்லாதபோது எங்களைக் கேட்கும் வகையில், அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளில் நாள்தோறும் கணக்கெழுதும் ஒருவர்