வார்ப்பு வழங்கலுக்கு பிக் அயர்ன் குறியீட்டோடு இணைந்த விலை மாற்ற நிபந்தனை கோரும் மனு

பெறுநர்:
கொள்முதல் அதிகாரி அவர்கள்

அனுப்புநர்:
சிறு வார்ப்பட உரிமையாளர், கோயம்புத்தூர்

ஐயா, வணக்கம்.

தங்கள் பணிமனைக்கு மாதம் 10 டன் வீதம் 24 மாதங்களுக்கு வார்ப்பிரும்பு உதிரிகள் வழங்கும் தொடர் ஆர்டருக்கு நாங்கள் விலை கொடுக்க இருக்கிறோம். போன முறை மாறாத விலையில் ஒப்பந்தம் போட்டோம். 2022 தொடக்கத்தில் உக்ரைன் போரால் பிக் அயர்ன் விலை ஏறியது. அந்த மாதங்களில் ஒவ்வொரு லோடையும் நஷ்டத்தில்தான் அனுப்பினோம். அதே ஆண்டு மே மாதம் மத்திய அரசு பிக் அயர்னுக்கு 15% ஏற்றுமதி வரி போட்டது, நவம்பரில் எடுத்தது. ஒரே ஆண்டில் இவ்வளவு திருப்பம் என்றால், இரண்டு ஆண்டுக்கு ஒரே விலை சொல்பவர் ஒன்று பயத்தில் கூட்டிச் சொல்வார், அல்லது பாதியில் கையை விரிப்பார். இரண்டுமே பணிமனைக்கு நஷ்டம்.

அதனால் ஒப்பந்தத்தில் இந்தச் சூத்திரத்தைச் சேர்க்க வேண்டுகிறோம்:

```
P1 = P0 × (0.45 + 0.55 × M1/M0)
```

P0 ஒப்பந்த விலை, P1 திருத்திய விலை. M0, M1 ஆகியவை மத்திய அரசு மாதந்தோறும் வெளியிடும் மொத்த விலைக் குறியீட்டில் பிக் அயர்னுக்கான எண்கள். டெண்டர் திறக்கும் மாதத்துக்கு முந்தைய மாத எண் M0. எங்கள் செலவில் சுமார் 55% பிக் அயர்னும் ஸ்கிராப்பும். கூலி, மின்சாரம், லாபம் எல்லாம் மாறாத 45%-க்குள் அடங்கும். அவை ஏறினால் அது எங்கள் பாடு.

எண் 140-லிருந்து 154 ஆனால் இரும்பு 10% ஏறியதாகும். ஆனால் கிலோ 100 ரூபாய் வார்ப்பு 105.50 ரூபாய்தான் ஆகும். 126-க்கு இறங்கினால் 94.50 ரூபாய்தான் நாங்கள் பில் போடுவோம். இறங்கும்போது குறைக்க மாட்டோம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. மாற்றம் விலையில் 2%-க்குள் இருந்தால் விட்டுவிடலாம், அதற்கெல்லாம் கணக்கர்கள் மல்லுக்கட்ட வேண்டாம்.

தகராறு வருவது பெரும்பாலும் எந்த மாத எண் என்பதில்தான். ஒரு மாதக் குறியீடு அடுத்த மாத நடுவில் தற்காலிகமாக வரும், பிறகு திருத்தப்படும். எனவே அனுப்பும் மாதத்துக்கு இரண்டு மாதம் முந்தைய எண்ணை M1 ஆக எடுத்து பில் போட்டு, இறுதி எண் வந்ததும் வித்தியாசத்தை அடுத்த பில்லில் சரிசெய்யலாம். நடுவில் குறியீட்டின் அடிப்படை ஆண்டு மாறினால் அரசு தரும் இணைப்புக் காரணியைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் எழுதிவிடுவது நல்லது.

எங்கள் தவறால் லோடு தாமதமானால் அதற்குப் பிறகு ஏறிய விலையைக் கேட்க மாட்டோம். குறைந்திருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ம், 18 மாதத்தைத் தாண்டும் ஒப்பந்தங்களில் விலை மாற்ற நிபந்தனைக்கு இடம் தருகின்றன. டெண்டர் அறிவிப்பு வெளிவரும் முன்பே இதைச் சேர்த்தால் எல்லோரும் ஒரே அடிப்படையில் விலை கொடுக்க முடியும். செலவுக் கணக்கோடு நேரில் வந்து விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)