ஒரு பெண், ஒரு பெண், சில பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை, இணையப் பதிப்பில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வழியாக இரண்டு முறை கேட்டேன். கட்டுரையின் அடியில், "பேட்டி தந்தவரின் விருப்பப்படி அவர் பெயரை வெளியிடவில்லை, அதனால் படங்களின் விவரிப்பையும் சுருக்கியுள்ளோம்" என்று ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். அவர் பெயரை மறைத்தது நியாயம். அந்த "அதனால்" என்ற ஒரு சொல்தான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. பெயரைச் சொல்லக்கூடாது என்றால் ஆளையே சொல்லக்கூடாது என்று யார் முடிவு செய்தார்கள்?

கட்டுரையின் உள்ளே மூன்று படங்கள் இருந்தன. படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக அதனோடு சேர்த்து எழுதும் விவரிப்பான மாற்று உரையாக எனக்குக் கேட்டவை: "ஒரு பெண்". "ஒரு பெண்". "சில பெண்கள்". மூன்று படங்களிலும் வெவ்வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டேன். பிறகு என் அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். "மூணுலயும் அதே அம்மாதான்டா. அதே செங்கல் நிற ஸ்வெட்டர். இடது முழங்கையில கிழிசலைத் தைச்சிருக்காங்க, நூல்கூட வெள்ளை நூல்" என்றார். முகம் எந்தப் படத்திலும் தெரியவில்லையாம். உங்கள் புகைப்படக்காரர் அவ்வளவு கவனமாக எடுத்திருக்கிறார். பார்வையுள்ள வாசகர் அந்த ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டே மூன்று படங்களையும் ஒரே ஆளின் கதையாகப் பார்த்துவிடுகிறார். பெயர் செய்யவேண்டிய வேலையை அங்கே உடை செய்கிறது. அந்த ஒன்றையும் எடுத்துவிட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?

மூன்றாவது படத்தை அக்கா சொன்னபோதுதான் என் வருத்தம் கோபமாக மாறியது. நான்கு பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறார்கள். ஸ்வெட்டர் அணிந்தவர் மட்டும் வாசலோரம் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஓய்வு நேரத்தில்கூட ஒரு நாளும் உட்கார முடிந்ததில்லை என்று அவர் பேட்டியில் சொன்னதற்கு அந்தப் படம்தான் சாட்சி. உங்கள் "சில பெண்கள்" என்ற இரண்டு சொல்லில் அந்தச் சாட்சி எங்கே போயிற்று?

இனி, எதை எழுதலாம் என்று தயங்கியிருப்பீர்கள் அல்லவா, அதற்கு வருகிறேன். படம் எல்லோருக்கும் காட்டுவதை மாற்று உரை எனக்குச் சொல்லட்டும். படம் மறைத்ததை அது வெளியே விடவேண்டாம். ஸ்வெட்டரின் நிறம், முழங்கைத் தையல், நரை கலந்த ஒற்றைப் பின்னல், நிற்கும் விதம், கை செய்யும் வேலை ஆகிய எல்லாவற்றையும் சொல்லலாம். சட்டையில் குத்திய பெயர்ப் பட்டையில் எழுத்து தெரிந்தாலும் அதைப் படித்து எழுதக்கூடாது. "பெயர்ப் பட்டை அணிந்திருக்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏனென்றால் படத்தில் மங்கலாகக் கிடக்கும் எழுத்து, மாற்று உரையில் ஏறிய கணமே தேடுபொறிக்கும் அகப்படும் எழுத்தாகிவிடுகிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே இருக்கக்கூடிய தழும்பு, பச்சைக்குத்து போன்றவற்றிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாத என் நண்பரும் நிறத்தைச் சொல்லச் சொல்லித்தான் கேட்பார். ஊரெல்லாம் நிறத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்லும்போது அவருக்கு மட்டும் அது எதற்கு என்று யாரும் தீர்மானிக்கவேண்டியதில்லை.

நீங்கள் விவரித்த சில பழைய படங்களும் மனதில் நிற்கின்றன. "மாநிறம், சுமார் 50 வயது மதிக்கத்தக்க பெண், சோகமாக" என்று முன்பொரு படத்துக்கு எழுதியிருந்தீர்கள். காணாமல் போனவரைத் தேடும் அறிவிப்பின் மொழி அது. வயதை ஊகிப்பதைவிட நரையைச் சொல்லுங்கள். சோகம் என்று தீர்ப்பளிப்பதைவிட உதடு இறுகியிருப்பதையும் கண் தாழ்ந்திருப்பதையும் சொல்லுங்கள். தீர்ப்பை நான் செய்துகொள்வேன். பார்ப்பவருக்கு ஆணா பெண்ணா என்று தெளிவாகத் தெரியாத இடத்தில் "ஒருவர்" என்ற அருமையான சொல் நம் மொழியிலேயே இருக்கிறது.

இன்னொரு படத்துக்கு நீளமாகவே எழுதியிருந்தீர்கள். "நீல நிறச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் அணிந்து, தோளில் பை மாட்டி, கையில் குடையுடன், படியில் நிற்கும் இளைஞர்". கண்ணால் படிக்கும்போது இது ஒரு குறையுமில்லாத வாக்கியம். காதால் கேட்கும்போது, சட்டையும் பையும் குடையும் யாருடையவை என்றே தெரியாமல் கடைசிச் சொல் வரை அத்தனையையும் நெஞ்சில் சுமந்துகொண்டு காத்திருக்கவேண்டும். அடைமொழிகள் முன்னால் அடுக்கி வரும் நம் மொழியில் இது எளிதாக நேரும் தவறு. ஆளை முதலில் நிறுத்துங்கள். முற்றுப்புள்ளி வையுங்கள், குரல் அங்கே மூச்சு விடும். பிறகு உடையைச் சொல்லுங்கள். "படத்தில்" என்று தொடங்கவும் வேண்டாம், அது படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடுகிறது. உங்கள் மூன்று படங்களில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும், அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதியவை இவை:

```
alt="ஒரு பெண் ஜன்னலோரம் நிற்கிறார்; முதுகுதான் தெரிகிறது. செங்கல் நிற ஸ்வெட்டர், இடது முழங்கையில் வெள்ளை நூல் தையல், நரை கலந்த ஒற்றைப் பின்னல்."

alt="நான்கு பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறார்கள். செங்கல் நிற ஸ்வெட்டர் அணிந்த அதே பெண் வாசலோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்."
```

"அதே பெண்" என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். தையலையும் பின்னலையும் மறுபடி சொல்லாமலே மூன்று படங்களையும் அது கோத்துவிடுகிறது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கட்டுரைக்கு மேலே, பெரிதாக்கிப் பார்ப்பதற்கான இணைப்போடு ஒரு படம் இருக்கிறது. அதற்கு மாற்று உரையே கொடுக்கவில்லை. இணைப்புக்குள் இருக்கும் படத்துக்கு மாற்று உரை இல்லாவிட்டால் பல திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரைப் படித்துவிடும், என்னுடையதும் படித்தது. அந்தக் கோப்பின் பெயரில், நீங்கள் அவ்வளவு அக்கறையோடு மறைத்த அந்த அம்மாவின் முழுப்பெயர் இருந்தது. பார்வையுள்ள வாசகர்களிடமிருந்து காத்த பெயரை எங்கள் காதில் மட்டும் போட்டுவிட்டீர்கள். அவர் சம்மதிக்காமல் அவர் பெயரைத் தெரிந்துகொண்டவனாக நான் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே அதை எழுதமாட்டேன். ஆனால் அவர் எந்த நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார் என்பது மட்டும் உங்கள் பக்கத்திலிருந்து எனக்குத் தெரியவே இல்லை.

மேலே உள்ள படத்தின் கோப்பை இன்றே வேறு பெயரில் ஏற்றி, பழையதை நீக்கிவிடுங்கள். மூன்று படங்களின் மாற்று உரையையும் திருத்துங்கள். இரண்டாவது படத்தில் அவர் கைகள் மட்டும் தெரிவதாக அக்கா சொன்னார். அவை என்ன செய்கின்றன என்பதைப் படம் எடுத்தவரிடமே கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்