சினைப்பை இருப்பு அறிக்கையில் இல்லாத ஒரு வரி

கருத்தரிப்பு மருத்துவமனைகளையும் பரிசோதனைக் கூடங்களையும் நடத்தும் மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். சினைப்பையில் எஞ்சியிருக்கும் முட்டைகளின் இருப்பை மதிப்பிட இரத்தத்தில் பார்க்கும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனின் அளவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அறிக்கையில் அதை எழுதாமல் விடுகிறீர்களே என்ற வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

என் தங்கைக்கு வயது 31. குழந்தைக்கு முயலத் தொடங்கும் முன்பே இப்பரிசோதனையைச் செய்துகொண்டாள். ஏ.எம்.எச். 0.8 நானோகிராம் என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்றும் இருந்தது. ஸ்கேனில் இரு சினைப்பைகளிலும் சேர்த்து எண்ணப்பட்ட, முட்டையைத் தாங்கும் சிறு நுண்ணறைகள் 6. "ஆறு மாதத்துக்குள் முடிவெடுங்கள்" என்றார்கள். அந்தத் தாளை எத்தனை முறை பிரித்துப் படித்தாளோ, மடிப்பு கிழிந்துவிட்டது.

முந்தைய நாள் இரவு வரை அவள் கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பதை யாரும் கேட்கவில்லை. மாத்திரை இவ்விரு அளவுகளையுமே குறைத்துக் காட்டக்கூடியது. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஏ.எம்.எச். 1.3, நுண்ணறைகள் 9.

எண் கூடியது என்பதல்ல என் வாதம். 0.8 ஆகவே இருந்திருந்தாலும் அவளுக்கு இயற்கையாகக் கரு தங்குமா என்பதை அது சொல்லியிருக்காது. ஏ.எம்.எச். வளரும் சிறு நுண்ணறைகளில் சுரப்பது. ஸ்கேனில் எண்ணுவதும் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான நுண்ணறைகளையே. ஆகவே செயற்கைக் கருத்தரிப்பில் ஊசி போட்டால் ஏறத்தாழ எத்தனை முட்டைகள் கிடைக்கும், மருந்தின் அளவு என்ன என்று கணிக்க இவை உதவும். இயற்கையாகக் கருத்தரிக்க மாதம் ஒரு முட்டை போதும். அதன் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயது. 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில், கருத்தரிப்புச் சிக்கல் வரலாறு இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களைக் கவனித்தார்கள். ஏ.எம்.எச். 0.7-க்குக் கீழே இருந்தவர்கள் ஆறு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 65 விழுக்காடு. இயல்பான அளவுள்ளவர்களுக்கு 62.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அந்த அம்புக்குறிக்குக் கீழே ஒரு வரி அச்சிட உங்களுக்கு இடமில்லையா? அளவு நன்றாக இருக்கிறது என்று கேட்டு நிம்மதியாக வருடங்களைத் தள்ளிப்போடும் 38 வயதுப் பெண்ணையும் அதே மௌனம்தான் ஏமாற்றுகிறது. அச்சமூட்டி முட்டை உறைய வைக்கும் கட்டணத்துக்கு இழுப்பதை மருத்துவ ஆலோசனை என்று என்னால் ஏற்க இயலவில்லை.

கோபம் மிகுந்துவிட்டது, பொறுத்தருள்க. கேட்பது இதுதான்: இரத்தம் எடுக்கும் முன் மாத்திரை பற்றிக் கேளுங்கள். "இந்த அளவு முட்டைகளின் எண்ணிக்கையைக் குறிப்பது; இயற்கையாகக் கருத்தரிப்பீர்களா என்பதை இது கூறாது" என்று ஒவ்வோர் அறிக்கையிலும், எண்ணுக்கு நேர் கீழே, அதே தடித்த எழுத்தில் அச்சிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமக்கை