படம் பார்த்து மைக் சொல்வது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"இந்த வீடியோவுல இருக்கிற மைக் வேணும், பேர் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு வந்து வாங்கிப் போவது நம் கடையில் நெடுநாள் வழக்கம். அப்படி வாங்கிய காலர் மைக் ஒன்று வேலை செய்யவில்லை, கடைக்காரர் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று ஒரு குரல் பதிவு சில நாட்களாகப் பல குழுக்களில் சுற்றுகிறது. உங்களில் சிலரும் போன் செய்து கேட்டீர்கள். விற்ற பிறகு ஒரு பொருள் ஒத்துவராமல் போவது எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது. ஆனால் டூப்ளிகேட் என்ற சொல்லை எங்களால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வந்த படம் ஒரு சமையல் வீடியோவின் ஸ்கிரீன்ஷாட். சேலைத் தோள்பட்டையில் ஒரு கிளிப், அதன்மேல் கருப்புப் பஞ்சு, கீழே விரல் நீளத்துக்கு ஒரு வயர். படத்தில் தெரிவது அவ்வளவுதான். அதே பஞ்சும் அதே கிளிப்பும் முந்நூறு ரூபாய் மைக்கிலும் உண்டு, ஆயிரம் ரூபாய் மைக்கிலும் உண்டு. எந்த மைக் என்பதை முடிவு செய்வது வயரின் மறுமுனை. அது சேலைக்குள் மறைந்திருந்தது. அந்த முனையில் இருக்கும் பின்னைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். யாரோ ஒருவருடைய வீடியோவிலிருந்து எடுத்த படம் என்பதால் வாடிக்கையாளரால் அனுப்ப முடியவில்லை. உயரமான சமையல் மேடை, தூரத்தில் போன் என்றெல்லாம் அவர் சொன்னதை வைத்து, ஆறு மீட்டர் வயர் உள்ள போயா பிஒய்-எம்1 கொடுத்தோம்.

அந்தப் பின்னைப் பற்றி இப்போது விவரமாகச் சொல்லிவிடுகிறோம். 3.5 மில்லிமீட்டர் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உலோகத்தின் நடுவே மெல்லிய கருப்பு வளையங்கள் தெரியும். வளையம் மூன்று என்றால் போனுக்கானது, இரண்டு என்றால் கேமராவுக்கானது. போனின் ஓட்டையில் மைக்குக்கென்று தனியாக ஒரு தொடுமுனை இருக்கிறது. இரண்டு வளையப் பின்னைச் செருகினால் அந்த இடத்தில் தரைக்கம்பியின் உலோகம்தான் போய்த் தொடும். உடனே போன், "யாரோ ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்டு தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். எந்த எச்சரிக்கையும் வராது. வீடியோவில் சத்தமும் இருக்கும், ஆனால் பேசுகிறவர் கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல இருக்கும். கேமராவுக்கான மைக்கைப் போனில் மாட்ட, இரண்டு வளையத்திலிருந்து மூன்று வளையத்துக்கு மாற்றும் தனி வயர் வேண்டும்.

போயா எம்1-இல் மூன்று வளையம் உண்டு. வயரில் பேட்டரிக் குழாய் ஒன்றும் அதில் ஒரு சுவிட்சும் இருக்கும். படத்தில் அந்தக் குழாய் தெரிந்தாலே இந்த மாதிரி மைக் என்று கண்டுகொள்ளலாம். போனில் மாட்டும்போது சுவிட்சைப் போன் பக்கம் தள்ளினால் போதும், பேட்டரி தேவையில்லை. கேமராவுக்குத்தான் எல்ஆர்44 பேட்டரி.

அப்படியானால் எங்கே தவறியது? அந்த வாடிக்கையாளரின் போனில் 3.5 ஓட்டை கிடையாது, டைப்-சி மட்டும்தான். வேறு இடத்தில் வாங்கிய ஒரு சிறு கன்வெர்ட்டரை நடுவில் வைத்து மாட்டியிருக்கிறார். இந்தக் கன்வெர்ட்டர்கள் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சிலவற்றில் வெறும் கம்பி இணைப்புதான். சிலவற்றில் சிப் உண்டு, ஆனால் பாட்டுக் கேட்க மட்டும்தான், மைக் உள்ளே போகாது. மைக்கையும் சேர்த்து எடுக்கும் சிப் உள்ளதுதான் நமக்கு வேண்டியது. அவர் மாட்டியது பாட்டுக் கேட்கும் வகை. மைக்கைக் கடைக்குக் கொண்டுவந்தபோது அவர் முன்னாலேயே 3.5 ஓட்டை உள்ள போனில் மாட்டிக் காட்டினோம், தெளிவாகப் பதிந்தது. அசல் மைக், போலி மைக் இரண்டிலுமே சத்தம் வரும், போலியில் இரைச்சல் கூடுதலாக இருக்கும். மைக் சத்தமே போனுக்குள் போகவில்லை என்றால் முதலில் பின், கன்வெர்ட்டர், சுவிட்ச் மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்க எளிய வழி இருக்கிறது. பதிவை ஓடவிட்டு, மைக்கின் பஞ்சை நகத்தால் இரண்டு முறை தட்டுங்கள். பிறகு போனின் அடிப்பக்கத்தை இரண்டு முறை தட்டுங்கள். திருப்பிக் கேட்கும்போது முதல் தட்டு பலமாகக் கேட்டால் மைக் வேலை செய்கிறது. இரண்டாவதுதான் பலமாகக் கேட்கிறது என்றால் போன் தன் மைக்கிலேயே எடுக்கிறது. டைப்-சி ரிசீவர் உள்ள வயர்லெஸ் மைக் வாங்கியவர்கள் ஓப்போ, விவோ, ஒன்பிளஸ் வைத்திருந்தால் செட்டிங்ஸில் ஓடிஜி இணைப்பை முதலில் ஆன் செய்யுங்கள். பல மாடல்களில் பத்து நிமிடம் சும்மா இருந்தால் அது தானாகவே அணைந்துவிடும். "நேத்து வேலை செஞ்சது, இன்னைக்கு இல்ல" என்று வருகிற புகார்களில் நிறைய இதுதான்.

ஆகவே இனி மைக்குக்குப் படம் அனுப்பும்போது மைக்கின் தலையைவிட அதன் பின்னையும், உங்கள் போனின் அடிப்பக்கத்தையும் அனுப்புங்கள். பெரிய ஸ்டூடியோ மைக் என்றால் அடியில் உள்ள ஓட்டை தெரிய வேண்டும். மூன்று முள் தெரிந்தால் அது எக்ஸ்எல்ஆர், பெரும்பாலும் 48 வோல்ட் தரும் பெட்டி தனியாக வேண்டும். யுஎஸ்பி ஓட்டை என்றால் கம்ப்யூட்டரில் நேராக மாட்டலாம். முன்பக்கத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

படம் பார்த்து ரிங் லைட் சொல்வதில் அளவுதான் சிக்கல். படத்தில் வளையத்துக்குள் போன் நிமிர்ந்து இருந்தால் அதையே அளவுகோலாக வைக்கலாம். சராசரிப் போன் 16 செ.மீ. உயரம். வளையத்தின் உள் துளையைப் போன் ஏறக்குறைய நிரப்பினால் 10 அங்குலம். மொத்த விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போன் என்றால் 18 அங்குலம். பத்து அங்குல யுஎஸ்பி லைட்டைப் பழைய லேப்டாப்பில் செருகி மங்கலாக எரிகிறது என்று சொல்கிறீர்கள். பெரும்பாலானவற்றுக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் வேண்டும். ட்ரைபாட் என்று நீங்கள் அனுப்பும் படங்களில் பாதி உண்மையில் லைட் ஸ்டாண்ட். உச்சியில் தலையும் கைப்பிடியும் இல்லாமல் வெறும் குழாயும் திருகும் மட்டும் இருந்தால் அது ஸ்டாண்ட், கேமராவைச் சாய்க்கவோ திருப்பவோ அதில் வழியில்லை.

படங்களுக்குப் பதில் சொல்லிவந்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டதால் சில வாரங்களாகப் பதில் தாமதமாகிறது, அதற்கு வருந்துகிறோம். இனி படங்களுக்குப் பதில் மாலை 4 முதல் 6 வரை. உறை பிரித்த மைக் மாற்றித் தரப்படும், பணம் திரும்பத் தரப்படாது.

அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகும் எங்களிடமே நேராக வந்து விசாரித்த உங்களுக்கு மனமார்ந்த நன்றி. கோலம், சமையல், போட்டித் தேர்வுப் பாடம் என்று முதல் வீடியோவுக்கே நம் கடையில் வாங்கி, இன்று அடுத்தவரையும் இங்கே அனுப்பிவைக்கிற உங்களை நம்பித்தான் கடை நடக்கிறது. பதிவில் பேசிய அந்த வாடிக்கையாளருக்கும் மைக் எடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை அடக்க விலைக்கே எடுத்து வைத்திருக்கிறோம். எந்த மாலையும் வந்து, போனில் மாட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்