ஸ்டேட்மென்ட்டில் இன்னும் ஒரு வரி வேண்டும்: செபிக்கு ஒரு திறந்த மடல்

செபி தலைவர் அவர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்ட் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எல்லா ஃபண்ட் நிறுவனங்களும் 2013 ஜனவரி 1 முதல், விநியோகஸ்தர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளான் தர வேண்டும் என்று உத்தரவிட்டது நீங்கள். 2018-இல் முன்கூட்டியே கொடுக்கும் கமிஷனை நிறுத்தியதும் நீங்கள்தான். விநியோகஸ்தருக்குப் போன கமிஷனை அரையாண்டு ஸ்டேட்மென்ட்டில் ரூபாயாகவே போட வைத்தீர்கள். அந்த ஸ்டேட்மென்ட்டில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன்.

மதுரையில் இருக்கும் என் அத்தை, வங்கிக் கிளையில் சொன்னதைக் கேட்டு மாதத் தவணையாக எஸ்ஐபி போட்டவர். கமிஷன் என்ற பத்தியைப் பார்த்துவிட்டு, "இதை நான் தனியாக் கட்டணுமாப்பா?" என்று கேட்டார். இல்லை அத்தை, யூனிட்டின் விலையிலேயே, அதாவது என்ஏவியிலேயே தினமும் கழிந்துவிடுகிறது என்றேன். "அப்ப சரி, சின்னத் தொகைதானே" என்று தாளை மடித்து வைத்துவிட்டார். ஆறு மாதத் தொகையை மட்டும் பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

டைரக்ட், விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ரெகுலர் இரண்டிலும் ஃபண்ட் மேலாளரும் ஒருவர்தான், வாங்கும் பங்குகளும் ஒன்றுதான். கமிஷன் சேர்வதால் ரெகுலரில் செலவு விகிதம் மட்டும் அதிகம். பங்குத் திட்டங்கள் பலவற்றில் இந்த வித்தியாசம் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் வரை இருக்கிறது. ஒரு சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி, டைரக்டில் ஆண்டுக்கு 12 சதவீதம், ரெகுலரில் 11. சந்தை வருடா வருடம் இப்படிச் சீராகத் தராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஒரு சதவீதம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஐந்து வருட முடிவில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 22,000 ரூபாய். பத்து வருடத்தில் 1.33 லட்சம். இருபது வருடத்தில் டைரக்டில் 99.9 லட்சம், ரெகுலரில் 87.4 லட்சம். அதாவது பன்னிரண்டரை லட்சம் குறைவு. இருபது வருடமும் கையிலிருந்து போட்ட பணமே மொத்தம் 24 லட்சம்தான். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு சதவீதத்திலேயே போய்விடுகிறது. பத்தாவது வருடம் ஒருவர் கணக்குப் பார்த்திருந்தால்கூட, பெரிதாக ஒன்றும் போகவில்லை என்றுதான் நினைத்திருப்பார்.

கமிஷன் தொகையையும் வருடவாரியாகப் பாருங்கள். முதல் வருடம் கேஒய்சி, படிவம், வங்கி மேண்டேட், எந்தத் திட்டம் என்ற ஆலோசனை என்று விநியோகஸ்தருக்கு உண்மையான வேலை இருக்கிறது. அந்த வருடம் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 650 ரூபாய். இருபதாவது வருடம் எஸ்ஐபி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், கமிஷனோ 82,000 ரூபாயைத் தொடும். மாதம் 10,000 போடுகிறவரிடமிருந்து மாதம் ஏழாயிரம் அளவுக்குக் கமிஷன் போகிறது.

விநியோகஸ்தர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது விற்காதீர்கள் என்று தடுத்தவர், அந்த வாடிக்கையாளருக்கு ஒரு சதவீதத்தைவிட அதிகமாகவே சம்பாதித்துக் கொடுத்திருப்பார். தனியாக விட்டால் பயந்து விற்றுவிடக்கூடியவர் ரெகுலரிலேயே இருக்கட்டும். ஆனால் என்ன விலைக்கு அந்தத் துணை கிடைக்கிறது என்று தெரிந்து அவர் இருக்க வேண்டும்.

நான் கேட்கும் வரி இதுதான்: ஒவ்வொரு ரெகுலர் முதலீட்டுக்கும் எதிரே, அதே தேதிகளில் அதே தொகை டைரக்ட் பிளானில் போயிருந்தால் இன்றைய மதிப்பு என்ன என்பது, முதல் தவணையிலிருந்து கணக்கிட்டு. 2013-க்கு முன் தொடங்கியவர்களுக்கு அந்த ஜனவரியிலிருந்து கணக்கிடலாம். இரண்டு என்ஏவியும் தினமும் வெளியாகின்றன, தவணைத் தேதிகள் பதிவாளர்களான கேம்ஸ், கேஃபின்டெக் வசம் இருக்கின்றன. புதிதாக ஒரு தகவலும் திரட்ட வேண்டியதில்லை.

வித்தியாசம் தெரிந்த பிறகு மாறுவதற்கும் விலை உண்டு. ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறினால் விற்று வாங்கியதாகவே வரித்துறை பார்க்கிறது. பங்குத் திட்டத்தில் ஒரு வருடம் தாண்டிய யூனிட்டுகளுக்கு, நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்தில் 12.5 சதவீதம் வரி. அதனால் அத்தைக்கு, இனி வரும் தவணைகளை மட்டும் டைரக்டில் போடச் சொன்னேன்; பழைய யூனிட்டுகளை அந்த வரம்புக்குள் வருடம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளலாம். பணம் வெளியே வராமல் அதே திட்டத்துக்குள் நடக்கும் இந்த மாற்றத்துக்கு வரி கூடாது என்று நிதி அமைச்சகத்துக்கு நீங்கள் பரிந்துரைத்தால் நல்லது. அது உங்கள் கையில் மட்டும் இல்லை.

ஸ்டேட்மென்ட்டில் என்ன அச்சாக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். வருகிற அரையாண்டு ஸ்டேட்மென்ட்டிலிருந்தே அந்த வரி வரும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு முதலீட்டாளர்