கோயம்புத்தூர் கம்பெனியிடம் எப்படிக் கேட்பது

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வருஷத்து பில் பட்டியலை நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அம்மா சொன்னாள், நீ போனில் புலம்பினாயாம், ஒரு மாசம் மூச்சுவிட நேரமில்லை, அடுத்த மாசம் வாடகைக்கே யோசனை என்று. டிசைன் எனக்குத் தெரியாது. ஆனால் ஆலைக்காரர்களிடம் மாசாமாசம் பணம் வாங்கிக் கணக்கு எழுதியே காலம் ஓட்டுகிறவன். அந்த வகையில் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

நீ மாதக் கட்டணம் பேசலாம் என்று நினைப்பது பெங்களூர் கம்பெனியிடம். ஒரே வேலைக்கு ஒன்றரை லட்சம் தந்தார்கள் என்பதால் அப்படித் தோன்றுகிறது. பட்டியலை இன்னொரு தடவை பார். அவர்கள் ஒரே ஒருமுறைதான் வந்திருக்கிறார்கள், அதற்கும் பணம் வர மூன்று மாசம் ஆகியிருக்கிறது. கோயம்புத்தூர் தின்பண்டக் கம்பெனிதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு பில்லும் சின்னது, ஆனால் நீ ஞாபகப்படுத்தாமலே பத்து நாளுக்குள் பணம் போட்டிருக்கிறார்கள். மாதக் கட்டணம் கேட்க வேண்டிய இடம் அதுதான். அடிக்கடி வேலை வர வேண்டும், பணம் ஒழுங்காக வர வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்த ஆளிடம் ஒப்பந்தம் பேசாதே, பழையபடி வேலைக்கு வேலை பில் போடு.

இனி கணக்குக்கு வருகிறேன். அவர்களுக்கு நீ போட்ட பில் மொத்தம் 2,72,000 ரூபாய். அதில் வெப்சைட் செய்த 80,000 திரும்ப வராத வேலை, அதைக் கழித்துவிடு. மீதி 1,92,000. பன்னிரண்டால் வகுத்தால் மாசம் 16,000. இதுதான் அந்தக் கம்பெனி முதலாளி உனக்கு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் மாதக் கட்டணம், அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாசத்தில் மட்டும் 74,000 போயிருக்கிறது, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒன்றுமில்லை. வேலை என்னென்ன என்று பார்த்தால் மூன்றே வகை: பண்டிகை, ஆஃபர் போஸ்டுகள், எடையோ விலையோ மாறும்போது லேபிள் திருத்தம், டீலர்களுக்கு அனுப்பும் நோட்டீஸ். மாசத்துக்குச் சராசரியாக இருபது மணி நேரம் ஆகிறது என்று நீயே சொன்னாய். அப்படியானால் உனக்கு மணிக்கு 800 ரூபாய் கிடைக்கிறது. இந்த 800-ஐ எங்காவது குறித்து வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

எவ்வளவு கேட்பது? நான் 18,000 என்று சொல்வேன். மாசம் எட்டு போஸ்ட், இரண்டு லேபிள் திருத்தம், ஒரு டீலர் நோட்டீஸ். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை திருத்தம், அதற்குமேல் தனிக் கணக்கு. சராசரியைவிட 2,000 கூட எதற்கு என்று நீ தயங்குவாய். இதுவரை அவர் கூப்பிடும்போது உனக்கு நேரம் இருந்தால் செய்தாய், இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்றாய். இனிமேல் அவருக்கென்று நேரத்தை ஒதுக்கி வைத்து, கேட்ட இரண்டு வேலைநாளில் கொடுப்பாய். அந்த உறுதிக்குத்தான் அந்த 2,000. மொத்தமாகத் தருகிறார்கள் என்பதற்காக விலையைக் குறைத்துக்கொண்டு போய் நிற்காதே. அரிசி மூட்டைக்கு அது சரி, உன் நேரத்துக்குச் சரிவராது. கூடவே சின்னதாக ஒன்றும் வைத்துக்கொள்: 12,000-க்கு ஐந்து போஸ்ட், ஒரு லேபிள் திருத்தம். இரண்டு போதும். மூன்றாவதாக ஒன்றைக் காட்டினால் மனுஷன் 'யோசிச்சுச் சொல்றேன்மா' என்று போனை வைத்துவிடுவார்.

அவர் கட்டாயம் கேட்கப்போகும் ஒரு கேள்வி இருக்கிறது: "வேலையே இல்லாத மாசத்துக்கு எதுக்கும்மா பணம்?" இதற்குப் பதில் இல்லாமல் போனை எடுக்காதே. எனக்கும் இதே கேள்வி வந்தது. நம்ம ஊர் மாங்கூழ் ஆலை மே கடைசியில் ஓட ஆரம்பித்தால் ஜூலை, மிஞ்சிப்போனால் ஆகஸ்ட். அப்புறம் மிஷினைக் கழுவி மூடிவிடுவார்கள். ஒரு முதலாளி என்னை உட்கார வைத்து, "பாய்லரே அணைஞ்சுபோச்சு, உங்களுக்கு மட்டும் எதுக்குங்க மாசச் சம்பளம்?" என்றார். நான் அவரைக் குடோனுக்குக் கூட்டிப்போனேன். பெங்களூரா ரக மாங்கூழ் டிரம் டிரம்மாக அடுக்கி நின்றது. "இது இனிமேதான் மாசாமாசம் லோடு ஏறப்போகுது. ஒவ்வொரு லோடுக்கும் பில் போடணும், டிரம் கணக்கு ஸ்டாக்கோட ஒத்துப்போகணும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் 20-ஆம் தேதிக்குள்ள போகணும். பாய்லர் அணைஞ்ச பிறகுதாங்க என் வேலை கனம்" என்றேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

உன் ஆளுக்கும் அப்படித்தான், வேலை இல்லாத மாசத்தில் என்ன செய்வாய் என்பதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் டிசைனை நீ போன வருஷம் செப்டம்பர் கடைசியில் முடித்தாய். அந்த நேரத்தில் அச்சகத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், அவசரத்துக்குக் கூடுதல் காசும் கேட்பார்கள். அதே பாக்ஸை ஜூனில் முடித்துக் கொடுத்தால்? பிப்ரவரியில் பழைய லேபிள் ஃபைல்களையெல்லாம் ஒரே அளவில், ஒரே பெயர் முறையில் அடுக்கி வைத்தால், அடுத்த விலை மாற்றம் வரும்போது அரை நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். 'வேலை இல்லாத மாசத்துல தீபாவளி வேலையை முன்னாடியே முடிச்சுடறேன் சார்' என்று சொன்னால் எந்த வியாபாரிக்கும் புரியும். பயன்படுத்தாத போஸ்ட் அடுத்த மாசத்துக்கு மட்டும் சேரும் என்று வை, அதோடு காலாவதி. இல்லாவிட்டால் மார்ச்சு, ஏப்ரல் பாக்கியையெல்லாம் சேர்த்து அக்டோபரில் நாற்பது போஸ்ட் கேட்பார்.

எப்போது கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஆடி ஆஃபர் போஸ்டர் முடித்துக் கொடுத்து, நன்றாக இருக்கிறது என்று அவரும் சொல்லிவிட்டார் அல்லவா, அந்த பில்லுக்குப் பணம் வந்த மறுநாள் கேள். பாக்கி நிற்கும்போது கேட்டால் வசூலுக்கு வந்தமாதிரி ஆகிவிடும். தீபாவளி நெருக்கடிக்குள் கேட்டால் அவருக்குக் காது கேட்காது. முதலில் ஒரு மெசேஜ் மட்டும் போடு:

"சார், வணக்கம். போன ஒரு வருஷம் உங்களுக்குச் செஞ்ச வேலையை எல்லாம் ஒரே பக்கத்துல எழுதிப் பார்த்தேன். தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு மாசம்தான் அவசரம், அதுல அச்சுச் செலவும் கூடுது. இதை மாசாமாசம் பிரிச்சுச் செய்ய ஒரு யோசனை இருக்கு. இந்த வாரம் பத்து நிமிஷம் பேசலாமா?"

விலையை மெசேஜில் போடாதே. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். போனில் பேசும்போது முதலில் நீ கேள்: அடுத்த மூன்று மாசத்தில் புதுச் சரக்கு என்ன வருகிறது, விலை மாற்றம் உண்டா, எந்த ஊர் டீலர்களுக்கு நோட்டீஸ் போகணும். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அதையே வைத்து 18,000-ஐச் சொல். சொன்ன பிறகு பேசாமல் இரு. நீ அமைதியைத் தாங்கமாட்டாமல் நீயே குறைத்துவிடுகிற ஆள், சின்ன வயசிலிருந்து தெரியும்.

"பதினஞ்சு வச்சுக்கலாமே" என்றால், "சரி சார், அப்போ டீலர் நோட்டீஸை எடுத்துடலாம், அது வர்றப்ப தனியாப் பார்த்துக்கலாம்" என்று சொல். விலை இறங்கினால் வேலையும் இறங்க வேண்டும். வேலையை அப்படியே விட்டு விலையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்னது சும்மா சொன்ன விலை என்று ஆகிவிடும். "வருஷத்துக்கெல்லாம் எப்படிம்மா" என்று தயங்கினால் மூன்று மாசம் பார்க்கலாம் என்று சொல். அதற்கப்புறம் இருவரில் யார் நிறுத்தினாலும் ஒரு மாசம் முன்னால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒத்துக்கொண்டதும் அன்றைக்கே ஒரு பக்கம் எழுதி மெயிலில் அனுப்பி, சரி என்று பதில் வாங்கிவிடு. என்ன உண்டு, என்ன இல்லை (வெப்சைட், போட்டோ எடுப்பது, புது லோகோ இதெல்லாம் இல்லை), கூடுதல் வேலைக்கு மணிக்கு 1,000 ரூபாய், யார் ஒருவர் ஓகே சொல்வார். இந்தக் கடைசி விஷயத்தை எழுதாமல் விடாதே. முதலாளி ஒன்று, அவர் மகன் ஒன்று, சேல்ஸ் மேனேஜர் ஒன்று சொன்னால் இரண்டு திருத்தம் ஆறு திருத்தமாகிவிடும். பணம் மாச ஆரம்பத்தில், 5-ஆம் தேதிக்குள், வந்த பிறகுதான் அந்த மாச வேலை. மாசக் கடைசியில் வாங்கினால் நீ கொடுப்பது வேலையோடு சேர்த்துக் கடன்.

ஆரம்பித்த பிறகு, அவருக்குச் செலவாகும் நேரத்தை நோட்டில் எழுதி வா. இருபது மணி நேரம் என்றால் மணிக்கு 900 வருகிறது. அது முப்பதைத் தொட்டால் 600, நீ பில்லுக்கு பில் வாங்கிய 800-ஐவிடக் குறைவு. ஒரு மாசம் அப்படி ஆனால் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டாவது மாசமும் ஆனால் அந்த நோட்டைக் காட்டிப் பேச வேண்டியதுதான். இது பெரிய வேலையால் வராது. "சும்மா ஒரு சின்ன வேலைம்மா" என்று வரும். என்னிடம் ஒருவர் மச்சினன் கடைக் கணக்கையும் அப்படித்தான் சேர்த்துவிடப் பார்த்தார். உன்னிடம் மகள் கல்யாணப் பத்திரிகை வரும். செய்து கொடு, ஆனால் பில்லில் 'பத்திரிகை டிசைன் 4,000, கழிவு 4,000' என்று ஒரு வரி போட்டு அனுப்பு. அது இலவசம் என்பதும், அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதும் இரண்டும் அவருக்குத் தெரியட்டும்.

இன்னொன்று. முதல் மாசம் அக்கவுண்டில் 18,000-க்குப் பதில் 16,200 வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறாதே. தொழில்முறைக் கட்டணம் வருஷத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனிகள் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். அது உன் பான் எண்ணில் கட்டப்பட்டிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் மூன்று மாசத்துக்கு ஒருமுறை பார்த்துவிடு, ரிட்டர்ன் போடும்போது உன் வரியில் கழித்துக்கொள்ளலாம். உன் மொத்த வரவு வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை ஜிஎஸ்டி பதிவு இப்போதைக்கு வேண்டாம்.

அந்த ஒரு பக்கத்தை அவருக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. பகலில் ஆலையில் டிரம் எண்ணிக்கை நடக்கிறது, போன் எடுக்க முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. அம்மா புளி குத்தி வைத்திருக்கிறாள், எந்த பஸ்ஸில் கொடுத்துவிடுவது என்று அவளிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா